நாக்கு ஆயா பார்க்காத வாசல்

"நாக்கைத் தூக்கு!"

இந்த ஒரு அதட்டலுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் அடங்காத பிள்ளை கிடையாது. பெரிய சார் பிரம்போடு வந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்கிற எட்டாம் வகுப்புப் பையன்கள்கூட, ஆயா முன்னால் வந்ததும் சமர்த்தாக வாயைப் பிளந்து, நாக்கை மேலே மடக்கி, கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டிவிட்டுத்தான் நகர்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் அவளுடைய ராஜ்ஜியம்தான். மாத்திரையை மென்று விழுங்கச் சொல்வாள், தண்ணீர் ஊற்றுவாள், பிறகு வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். நாக்குக்கு அடியில் ஒளித்தவன், கன்னத்தில் ஒதுக்கியவன், முழுங்கியதுபோல் தொண்டையை அசைத்துக் காட்டியவன் எல்லோரும் அவளிடம் மாட்டினார்கள். பிள்ளைகள் அவளுக்கு 'நாக்கு ஆயா' என்று பெயர் வைத்தார்கள். முதலில் முகம் சுளித்தாள். பிறகு அந்தப் பெயர் இல்லாமல் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டாள்.

சுகாதார நிலையத்திலிருந்து வருகிற நர்ஸம்மா சொல்லுவாள்: "ஆயா, உன்னை மாதிரி ஊருக்கு ஒருத்தி இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

"அதுக்கென்னம்மா, ஒருத்தியும் ஏமாத்த முடியாது எங்கிட்ட."

உண்மைதான். ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி அவள் பெற்ற மகள்.

மகளுக்கு வீட்டில் குருவி என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது முதன்முதலாக அந்த வெள்ளை மாத்திரையை மென்றாள். சாயங்காலத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் சரியாகிவிட்டது. ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? லாரி ஓட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிற கணவன்கூட அப்போது பக்கத்தில் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் வந்து பார்த்தாள்.

"சிலதுக்கு ஒத்துக்காதுடி. என் தம்பிக்குக் கத்திரிக்காயே ஒத்துக்காது. உடம்புன்னா உடம்பு, ஒண்ணு மாதிரி ஒண்ணா இருக்கும்?"

ஒத்துக்கவில்லை. அந்த ஒரு சொல்லோடு ஆயா விஷயத்தை முடித்துவிட்டாள். அதே நாளில் மாத்திரை மென்ற மற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏன் சாயங்காலமே பந்து விளையாடினார்கள், தன் பிள்ளை மட்டும் ஏன் சுருண்டாள் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் பதில் தெரிந்திருக்காது.

அடுத்த முறை மாத்திரை நாள் வந்தபோது அவள் முந்தானையில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் முடிந்திருந்தது. வெள்ளை, வட்டம், மாத்திரை அளவு. வரிசையில் குருவி வந்ததும் மாத்திரை உள்ளங்கையில் தங்கியது, மிட்டாய் பிள்ளையின் வாய்க்குப் போயிற்று. குருவி எல்லோர் முன்னாலும் மென்றாள்.

"நாக்கைத் தூக்கு!" என்று அதட்டினாள் ஆயா, ஒரு சொல் குறையாமல்.

நாக்கைத் தூக்கிக் காட்டினாள் மகள். வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா பெயருக்கு நேரே டிக் போட்டாள். பள்ளி முடிந்ததும் ஆயா பின்பக்கம் போய், அந்த நிஜ மாத்திரையை ஈர மண்ணில் குழி தோண்டிப் புதைத்து, வெறுங்காலால் மிதித்து மூடினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதே மிட்டாய், அதே அதட்டல், அதே குழி.

அந்தப் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டியிருந்தார்கள். தண்ணீர் வந்த வரை பிள்ளைகள் போனார்கள். குழாய் உடைந்தது, சரிபார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள், பூட்டுப் போட்டார்கள், சாவி எங்கோ போயிற்று. பின்வாசலுக்கு வெளியே மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளம். வெயில் உள்ளே இறங்காது. மண் எப்போதும் கறுத்து, ஈரமாக, காலை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை, அங்கேதான் போனார்கள். ஆயாவின் வீடும் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான். குருவி காலையும் மாலையும் அந்த மண்ணை மிதித்துத்தான் வந்து போனாள்.

இப்படி இருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் பிள்ளைகள் எல்லோருக்கும் கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்தார். பெரிய சாருக்கு அந்த ஷூக்கள் மேல் தனிப் பிரியம். திங்கட்கிழமை காலை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொரு காலாகப் பார்ப்பார். ஷூவில் சேறு இருந்தால் அன்று முழுக்க வெளியே நிற்க வேண்டியதுதான்.

"புத்தகம் கிழிஞ்சாக்கூட ஒட்டிக்கலாம்டா. ஷூ போனா யாருடா வாங்கித் தருவா?"

ஆயா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, "ஷூவைக் கழட்டு, வரிசையா வை, அப்புறம் போ!" என்றாள். பிள்ளைகள் கழற்றினார்கள். எறும்பு வரிசைபோல ஷூக்கள் பளபளவென்று படியோரம் நிற்கும். கால்கள் மட்டும் வெறுமையாகப் பள்ளத்துக்குள் இறங்கும். திரும்பி வரும்போது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிவிட்டு ஷூவை மாட்டச் சொல்வாள். மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான ஷூ நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார். பெரிய சார் ஆயாவைக் காட்டினார். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மழைக்காலத்தில் பிள்ளைகள் விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்கள். சிவப்பாகப் பொரிப்பொரியாக இருக்கும். "சேத்துப்புண்ணு" என்று சொல்லி ஆயா சுண்ணாம்பு தடவிவிடுவாள். அவளுக்கும் அரிக்கும். சில நாளில் தானாக அடங்கிவிடும். அடங்கிப்போனதை யார் ஏன் என்று கேட்பார்கள்?

குருவிக்குப் பதின்மூன்று நடந்தபோது அவள் மாறத் தொடங்கினாள். முதலில் கண்டுபிடித்தவள் தையல்காரிதான்.

"ஏண்டி, என்னத்தைப் பூசுறே பொண்ணுக்கு? நாளுக்கு நாள் கலர் ஏறிட்டே போறாளே! எங்கிட்டயும் சொல்லேன், நானும் பூசிக்கிறேன்."

"போங்கக்கா. உங்களுக்குச் சுவத்துக்கு அடிக்கிற வெள்ளைதான் சரிப்படும்."

இருவரும் சிரித்தார்கள். ஆயா கறுப்பு. அவள் கணவன் அவளைவிடக் கறுப்பு. மகளும் அப்படித்தான் பிறந்தாள். இப்போது கன்னம் வெளுத்து, உதடு வெளுத்து, உள்ளங்கை மாவு பூசினாற்போல் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வயசுக்கு வருகிற நேரம், பெண் மெருகேறுகிறாள் என்று ஆயா நினைத்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவள் அவள் ஒருத்தி மட்டுமா? தெருவே நம்பியது.

அதற்கு முந்தைய வருடம் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவள் இந்த வருடம் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். மாடி வகுப்புக்கு ஏறும்போது படியின் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். கீழே இருந்து ஆயா துடைப்பத்தை ஆட்டிக்கொண்டு கத்துவாள்:

"அடி சோம்பேறி! உங்கம்மா இந்த வயசுல தண்ணிக்குடம் தூக்கிக்கிட்டு மலை ஏறினவடி!"

"இரும்மா. மூச்சு வரட்டும்."

வகுப்பில் சாக்பீஸ் காணாமல் போயிற்று. டீச்சர் பையன்களைச் சந்தேகித்தாள். கடைசியில் ஆயாதான் துணி துவைக்கும்போது கண்டுபிடித்தாள். மகளின் பாவாடைப் பையில் பொடிப்பொடியாகச் சாக்பீஸ். ஓரத்தில் பல் பதிந்த தடம். கூடவே சுவரிலிருந்து பெயர்த்த மண்கட்டி ஒன்று.

"என்னடி இது? மாடா நீ?"

"தெரியலம்மா. திங்கணும்போல இருக்கு. மழை பெஞ்சா அந்த மண்ணு வாசனைக்கு வாயில எச்சில் ஊறுது."

ஆயா முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அணைத்துக்கொண்டாள். அணைத்தபோது அவள் நெஞ்சில் எதுவோ தடதடவென்று மோதியது. தன்னுடைய நெஞ்சு என்றுதான் முதலில் நினைத்தாள். சும்மா நின்றுகொண்டிருந்த பிள்ளையின் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டிருந்தது, யாரோ துரத்தி வருகிறமாதிரி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை நேரம். தலை வாரும்போது மகளின் முகம் உப்பியிருப்பதை ஆயா பார்த்தாள். கணுக்காலை அமுக்கினாள், அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

"அம்மா."

"என்னடி?"

"காதுக்குள்ள யாரோ ஓடிக்கிட்டே இருக்காங்கம்மா. படுத்தாலும் நிக்க மாட்டேங்கிறாங்க."

ஆயாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது. ஏனோ அவளுக்குப் பின்பக்கப் பள்ளம் ஞாபகம் வந்தது. அவள் அதை உதறிவிட்டு அவசரமாகப் பின்னலை முடித்தாள். பள்ளிக்கூடத்தில் காலை வரிசை நின்று முடிவதற்குள் குருவி விழுந்துவிட்டாள். சத்தமே இல்லை. ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுகிறமாதிரி மடிந்து விழுந்தாள்.

அன்றைக்குத் தடுப்பூசி போட நர்ஸம்மா வந்திருந்ததுதான் நல்ல காலம். ஓடி வந்து முதலில் செய்தது, பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்ததுதான். இமைக்குள் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதமாக இருந்தது. "வண்டியை எடுங்க சார்!" என்று நர்ஸம்மா கத்தினாள். 

பெரிய சாரின் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விரல் நுனியில் குத்தினார்கள். வந்த ரத்தம் ரத்தம் மாதிரியே இல்லை, சாயம் போன சேலையை அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. டாக்டர் இளம்பெண். ஹீமோகுளோபின் கணக்கைப் பார்த்துவிட்டு மறுபடியும் எடுக்கச் சொன்னாள். மறுபடியும் அதே நாலு புள்ளி சொச்சம்.

"பன்னெண்டாவது இருக்கணும். இது நாலு. இந்தப் பிள்ளை நடந்து ஸ்கூலுக்கு வந்துச்சுன்னு சொல்றீங்களா? எத்தனை மாசமா இப்படி இருக்கா?"

"கலர் ஏறுதுன்னு நெனச்சேங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். 

"சரி. தூரமானா நிறையப் போகுமா? மலத்துல, சிறுநீர்ல ரத்தம்? வீட்டுல யாருக்காவது ரத்த வியாதி?"

"இல்லீங்க."

"பூச்சி மாத்திரை ஒழுங்கா போட்டிருக்காளா?"

ஆயா வாயைத் திறப்பதற்குள் பெரிய சார் முந்திக்கொண்டார். "என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ள தப்பாது. அதுக்குக் காரணமே இந்தம்மாதான். நாக்கு ஆயான்னாலே பசங்க நடுங்குவாங்க. சொல்லுங்க ஆயா!"

ஆயா தலையை ஆட்டினாள்.

ஆட்டியது தலைதான். ஆனால் அந்த அசைவில் டாக்டரின் பேனா ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிற்று. "அப்போ பூச்சியால இவ்வளவு தூரம் போயிருக்காது. மோஷன் டெஸ்டும் எழுதியிருக்கேன், டப்பாவுல பிடிச்சுக் கொடுங்க. ஆனா அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரத்தம் ஊறுற இடத்துலயே கோளாறா இருக்கலாம். எலும்புக்குள்ள ஊசி போட்டுப் பார்க்கணும். இங்க வசதியில்ல. இன்னைக்கு ரத்தம் ஏத்தறோம், நாளைக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு பண்றேன்."

எலும்புக்குள் ஊசி என்று கேட்டதும் ஆயாவுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ரத்தப் பையிலிருந்து சொட்டு இறங்கியது. மிக மெதுவாக இறங்கியது. வேகமாக ஏற்றினால் ஏற்கெனவே களைத்துப்போன இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளை கண்ணை மூடியிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்: "ரத்தப் புத்தா இருக்குமோ?" "யாரு கண்டா. சின்னப் பிள்ளை, பாவம்."

கொடுத்த டப்பா காலியாகப் பையில் கிடந்தது. பிள்ளைக்கு வெளிக்குப் போகவில்லை. ஆயா அதை எடுத்தாள், வைத்தாள். டாக்டர் பேனாவைத் தூக்கித் தாண்டிய அந்த வரி அவள் கண்ணில் நின்றது. பூச்சி இல்லையென்றால் வேறு எதையோ தேடுவார்கள். தேடிக்கொண்டே போவார்கள். எலும்பு வரைக்கும் போவார்கள். ஆனால் அந்த மாத்திரை இந்த வாய்க்குள் போகவே இல்லை என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி கண்ணை மூடிக் கிடக்கிறாள். சொன்னால்? பெரிய சார் முகத்தில் எப்படி விழிப்பது? வேலை நிரந்தரமில்லாத வேலை. நாளைக்கே வராதே என்றால் வழியில்லை. ஊர்ப் பிள்ளைகள் வாயையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவள் தன் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தாள் என்று தெரிந்தால் காறித் துப்ப மாட்டார்களா?

குருவி கண்ணைத் திறந்தாள். "அம்மா, எலும்புல ஊசி போட்டா வலிக்குமா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "மிட்டாயைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லலம்மா."

ஆயா எழுந்தாள். நடைவழியில் நர்ஸம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காக வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றவள்.

"நர்ஸம்மா. நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதும் என்னை அடிச்சாலும் அடிங்க."

சொன்னாள். பெப்பர்மின்ட், முந்தானை முடிச்சு, பள்ளத்து மண்ணில் தோண்டிய குழி எல்லாம் சொன்னாள். நர்ஸம்மாவின் கையில் டீ ஆறியது.

"எத்தனை வருஷமா?"

"மூணாங்கிளாஸ்ல ஒரே ஒரு தடவை போட்டா. வயிறு வலிச்சு வாந்தி எடுத்தா. ஒத்துக்கலன்னு விட்டுட்டேன்."

"ஒத்துக்கலையா! அடிப்பாவி. மாத்திரை பட்டு உள்ள இருக்கிற பூச்சி துடிச்சிருக்குடி. எந்தப் பிள்ளைக்கு உள்ள அதிகமா இருக்கோ அந்தப் பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் வலிக்கும். அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை..." நிறுத்திக்கொண்டாள். "நானும்தான் பக்கத்துல நின்னு டிக் போட்டேன். வா, டாக்டர்கிட்ட."

டாக்டர் திட்டவில்லை. "அந்த டப்பா எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் பிள்ளை எழுந்து போனதும் டப்பா நேராகப் பரிசோதனை அறைக்குப் போயிற்று. வண்டி வாசலில் வந்து நின்றது. ஆயா வண்டியையும் பரிசோதனை அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, "டாக்டரை வரச் சொல்லுங்க, கண்ணாடி பூரா பூச்சி முட்டை" என்றான்.

டாக்டர் பார்த்துவிட்டு வந்தாள். "கொக்கிப்புழு. வண்டியைத் திருப்பி அனுப்பிடலாம். எலும்பு ஊசி இப்போ வேண்டாம். மாத்திரை கொடுக்கறோம், இரும்புச்சத்து மாத்திரை மாசக்கணக்குல சாப்பிடணும். ரத்தம் ஏறலைன்னா அப்புறம் யோசிக்கலாம். ஏறும்னு நெனக்கிறேன்."

ஆயா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டாள்: "நான் சாப்பாட்டுக்கு முன்னாடி கையைக் கழுவாம விட்டதே இல்லீங்க. அவ வாய்க்குள்ள எப்படிப் போச்சு?"

"வாய் வழியாப் போகலம்மா. கால் வழியா."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். மலத்தில் முட்டை மண்ணுக்கு வருகிறது. நிழலும் ஈரமும் இருந்தால் சில நாளில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத புழுவாகி, காத்திருக்கிறது. வெறுங்கால் பட்டதும் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்த இடம்தான் அரிக்கும். பிறகு ரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்குள் போய், நுரையீரலிலிருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, குடலுக்கு இறங்குகிறது. அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. ஓரிடத்தில் குடித்துவிட்டு இன்னோரிடத்துக்கு மாறினால், பழைய கடிவாயும் கசிந்துகொண்டே இருக்கும்.

"ஒரு புழு குடிக்கிறது ஒரு சொட்டுகூட இருக்காது. நூத்துக்கணக்குல இருந்தா? வருஷக்கணக்குல குடிச்சா? போற ரத்தத்துல இரும்பும் போயிடும். புது ரத்தம் ஊற வழியில்ல. அதான் சாக்பீஸ், மண்ணுன்னு தின்னிருக்கா. ரத்தம் குறைஞ்சதால வெளுத்திருக்கா, கலர் ஏறல."

ஆயாவின் கண் முன்னால் படியோரம் வரிசையாக நின்ற ஷூக்கள் வந்தன. கழட்டு, வரிசையா வை, அப்புறம் போ. அவள் வாயால் சொன்ன வார்த்தைகள். தினமும் சொன்ன வார்த்தைகள். அத்தனை பிள்ளைகளுக்கும் சொன்ன வார்த்தைகள்.

"அப்போ மாத்திரை போட்ட பிள்ளைங்க?"

"போட்டவங்களுக்குப் பெரும்பாலானது செத்திருக்கும். அதான் அவங்க இவ்வளவு மோசமாகல. ஆனா மறுபடி அதே மண்ணை மிதிச்சா மறுபடி ஏறும். மாத்திரை உள்ள இருக்கிறதைத்தான் கொல்லும், வர்றதைத் தடுக்காது. அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருதடவை."

நர்ஸம்மா குனிந்து, கேட்காமலேயே ஆயாவின் இமையையும் இழுத்துப் பார்த்தாள். "உனக்கும் சோகைதாண்டி. உனக்கு யாரு மாத்திரை கொடுத்தா? ஸ்கூல் மாத்திரை பிள்ளைங்களுக்குத்தான் வருது. வா, உனக்கும் ஒண்ணு ஆஸ்பத்திரியிலேயே வாங்கித் தரேன்."

ஆயா அந்த மாத்திரையை மென்றாள். மென்றுவிட்டு, பழக்கதோஷத்தில், தானே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

குருவி பிழைத்தாள். வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை தின்றாள். மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பியது. தையல்காரி பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்: "அடடா, இப்படிக் கறுத்துட்டாளே! நல்லா இருந்த பொண்ணு!"

"கறுக்கட்டும்கா. நல்லாக் கறுக்கட்டும்" என்றாள் ஆயா.

பள்ளிக்கூடத்தில் விஷயம் வேறு மாதிரி போயிற்று. பெரிய சார் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை; ஆனால் மாத்திரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். "உன்னை நம்பித்தானே நான் மேல சொல்லிட்டிருந்தேன்" என்று ஒருமுறைதான் சொன்னார். கழிப்பறைப் பூட்டை உடைக்கச் சொன்னார். குழாய்க்கு எழுதிப் போட்டிருப்பதாகவும் சொன்னார். குழாய் வரவில்லை. ஆயா தன் பங்குக்குப் பின்வாசல் படியில் நின்று, "போட்டுக்கிட்டுப் போ! ஷூவைப் போட்டுக்கிட்டுப் போ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆயாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை சோதனை நின்றபாடில்லை. வருடக்கணக்கில் பழகிய கால்கள் படியைக் கண்டதும் தானாகவே ஷூவை உதறின.

மறுபடியும் மாத்திரை நாள் வந்தது. அன்றைக்கும் மழை. ஆயாவுக்குக் குடமும் டம்ளரும்தான் வேலை. டார்ச் இப்போது ஒரு புது டீச்சர் கையில் இருந்தது. குருவி வரிசையில் வந்தாள், மாத்திரையை மென்றாள், தானே நாக்கைத் தூக்கினாள், அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு தாய், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இரண்டாம் வகுப்புப் பையன். அழுதுகொண்டிருந்தான்.

"டீச்சர், எம்புள்ளைக்கு வேண்டாம். போன தடவை போட்டதுல வயிறு வலின்னு துடிச்சுட்டான். அவனுக்கு ஒத்துக்காது."

புது டீச்சர் நர்ஸம்மாவைத் தேடினாள். நர்ஸம்மா வேறு வகுப்பில் இருந்தாள். "அழுற பிள்ளை வாயில திணிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சரி, விடுங்க" என்றாள்.

ஆயாவின் கையிலிருந்த டம்ளர் வழிந்தது. அவள் குடத்தை வைத்துவிட்டு வந்து, பையன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கீழ் இமையை மெல்ல இழுத்தாள். உள்ளே அதே வெளுத்த காகிதம்.

"தங்கச்சி, இந்தப் பிள்ளைக்கு உடனே ரத்தம் பாரு."

"நீ யாரு சொல்றதுக்கு? உம்பொண்ணுக்கு நீ போட்டியா?" தாய் பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஊரே சொல்லுதே. ஆயாவே தன் பிள்ளைக்குக் குடுக்காத மாத்திரை, எம்புள்ளைக்கு மட்டும் எதுக்கு?"

 பின்னால் நின்ற இன்னும் இரண்டு தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குடுக்கல. குடுக்காததாலதான் அவ சாவு வரைக்கும் போனா. அவளுக்கும் ஒத்துக்காதுன்னுதான் சொன்னேன். இதே வார்த்தை..."

அதைக் கேட்க அந்தத் தாய் நிற்கவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலை நோக்கி நடந்தாள். அவர்கள் வீட்டுக்கும் அந்தப் பள்ளம்தான் வழி. படியில் பையன் நின்றான். யாரும் சொல்லாமலே குனிந்து ஷூவைக் கழற்றினான், அழுக்குப் படாமல் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான், வெறுங்காலோடு அந்தக் கறுத்த மண்ணுக்குள் இறங்கினான்.

சத்தம் கேட்டு நர்ஸம்மா ஓடி வந்தாள். "அடுத்த வாரம் விட்டுப்போனவங்களுக்கு இன்னொரு நாள் இருக்கு ஆயா. அதுக்குள்ள நான் அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசறேன். நீயும் வா."

ஆயா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வரைக்கும் அவளுக்குப் பொறுமை இல்லை. மழைக்குள் இறங்கி, பள்ளத்தின் பாதி வழியில் தெரிந்த அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினாள்:

"டேய்! ஷூவைப் போடு! டேய், ஷூவைப் போடுடா!"

மழைச் சத்தத்தில் பையனுக்குக் கேட்டதா தெரியவில்லை. அவன் திரும்பவில்லை.